இன்னிக்குக் கிடைக்கும்னா… போன் பாட் எப்போது வாயைத் திறக்கலாம்?

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு தண்ணீர் கேன் கடை என்று வைத்துக்கொள்வோம். காலையில் போன் ஓயாது. கடைக்காரர் வண்டியில் கேன் ஏற்றுவாரா, போன் எடுப்பாரா? அதனால் போனை எடுத்துப் பேசி ஆர்டரைக் குறித்துக்கொள்ளும் ஒரு குரல் பாட் வைக்கலாம் என்று முடிவாகிறது. கேட்க வேண்டியது மூன்றே விஷயம்: எத்தனை கேன், எப்போது, எந்த வீடு. பார்த்தால் சின்ன வேலைதான். ஆனால் முதல் நாளே இப்படி ஒரு பேச்சு நடக்கும்.

பாட்: வணக்கம், தண்ணி கேன் கடை. எத்தனை கேன் வேணும்?

அழைப்பவர்: அண்ணா, இன்னிக்குக் கிடைக்கும்னா…

பாட்: மன்னிக்கணும், எத்தனை கேன்னு சொல்லுங்க.

அழைப்பவர்: அதைத்தான் சொல்றேன், ரெண்டு கேன்…

பாட்: சரி, ரெண்டு கேன். எந்த வீடு?

அழைப்பவர்: …நாளைக்குதான்னா ஒன்னு போதும். ஹலோ? ஹலோ?

அந்த அம்மா சொல்ல வந்தது ஒரே வாக்கியம். "இன்னிக்குக் கிடைக்கும்னா ரெண்டு கேன், நாளைக்குதான்னா ஒன்னு போதும்." பாட் அதை மூன்று துண்டாக வெட்டி, நடுத்துண்டை மட்டும் ஆர்டராக எடுத்துக்கொண்டது. இங்கே குரலை எழுத்தாக்கும் மென்பொருள் ஒரு சொல்லைக்கூடத் தப்பாகக் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். தப்பு நடந்த இடம் வேறு. அழைப்பவர் பேசி முடித்துவிட்டாரா இல்லையா என்று யார், எப்படி முடிவு செய்தார்கள் என்பதில்தான் கோளாறு. புதிதாகப் பாட் கட்டுகிறவர்கள் எழுத்தாக்கத்தின் தரத்தைப் பற்றியே கவலைப்படுவார்கள். என் கணக்கில் போன் பாட்டின் பாதி வம்பு இந்த 'முடிந்ததா' கேள்வியிலிருந்தே பிறக்கிறது. எனவே அதிலிருந்தே தொடங்கலாம்.

மௌனத்தை எண்ணுகிற கருவி

போனில் வரும் குரல் சின்னச் சின்னப் பொட்டலங்களாகத்தான் பாட்டுக்கு வந்து சேர்கிறது. சாதாரணத் தொலைபேசி ஒலி என்றால் ஒரு நொடிக்கு 8,000 அளவீடுகள். பெரும்பாலும் 20 மில்லி நொடிக்கு ஒரு பொட்டலம், அதாவது பொட்டலத்துக்கு 160 அளவீடு. ஒவ்வொரு பொட்டலத்தையும் ஒரு சிறு நிரல் பார்த்து, "இதில் மனிதப் பேச்சு இருக்கிறது" அல்லது "இல்லை" என்று சொல்லும். இந்த வேலைக்கு, இணைய அழைப்புகளுக்கான வெப்ஆர்டிசி திட்டத்தின் கருவியும் சிலேரோ என்ற மாடலும் இலவசமாகவே கிடைக்கின்றன. இரண்டும் 8,000 அளவீட்டு ஒலியை ஏற்கும்.

பாட் செய்வது ரொம்பச் சுலபம். "இல்லை" என்ற பதில் தொடர்ந்து 35 பொட்டலத்துக்கு வந்தால், அதாவது 700 மில்லி நொடி மௌனம் இருந்தால், ஆள் பேசி முடித்துவிட்டார் என்று எடுத்துக்கொள்ளும். இந்த 700 என்பது புனித எண் ஒன்றும் இல்லை, யாரோ வசதிக்காக வைத்தது. அதைக் குறைத்தால் பாட் சுறுசுறுப்பாகத் தெரியும், ஆனால் ஆளை வெட்டிவிடும். கூட்டினால் வெட்டாது, ஆனால் "ரெண்டு கேன் போடுங்க" என்று சொன்ன பிறகும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். எதிர்முனையில் "ஹலோ? லைன்ல இருக்கீங்களா?" தொடங்கிவிடும். ஒரே எண்ணை ஏற்றி இறக்கி இரண்டையும் சரிசெய்ய முடியாது. எத்தனை பேர் இந்த எண்ணோடு மல்லுக்கட்டுகிறார்கள் என்பதற்குக் கணக்கே இல்லை.

மனிதர்கள் பேசும்போது மௌனத்தை எண்ணுவதில்லை. பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009ல் வெளியான ஓர் ஆய்வில், ஒருவர் கேட்டு முடிப்பதற்கும் மற்றவர் பதில் சொல்லத் தொடங்குவதற்கும் நடுவே சராசரியாகச் சுமார் 200 மில்லி நொடிதான் இருந்தது. அந்தப் பத்தில் தமிழ் இல்லை. ஆனால் தமிழைப் போலவே வினைச்சொல் கடைசியில் வரும் ஜப்பானியமும் கொரிய மொழியும் இருந்தன. கேள்வி எங்கே முடியும் என்பதைக் கேட்பவர் முன்கூட்டியே ஊகித்து, வாயைத் தயாராக வைத்திருக்கிறார். இந்த ஊகத்தைத்தான் பாட்டுக்கும் கொஞ்சம் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

கடைசிச் சொல் என்ன சொல்கிறது?

இங்கே தமிழ் நமக்குப் பெரிய உதவி செய்கிறது. வாக்கியம் முடிந்ததா, இன்னும் இருக்கிறதா என்பது பெரும்பாலும் கடைசிச் சொல்லின் வாலிலேயே தெரிந்துவிடும். "வேணும்" என்று நின்றால் முடிந்தது. "வேணும்னா" என்று நின்றால் இன்னும் பாதி பாக்கி. "போட்டுட்டு" என்றால் அதற்கு மேல் ஒரு வினை வந்தே தீரும். "போட்டுடுங்க" என்றால் வராது. "புது நம்பர்" என்று நிறுத்தினால் அடுத்து எண் வரப் போகிறது என்பது குழந்தைக்கும் தெரியும். "வந்து…" என்று இழுத்தால் ஆள் யோசிக்கிறார்.

நவீன எழுத்தாக்க மென்பொருள்கள் ஆள் பேசிக்கொண்டிருக்கும்போதே, கேட்டவரைக்கும் உள்ள அரைகுறை எழுத்தைக் கொடுத்துக்கொண்டே வரும். அந்த அரைகுறை எழுத்தின் கடைசிச் சொல்லைப் பார்த்து, எவ்வளவு மௌனத்துக்குக் காத்திருக்கலாம் என்பதை அவ்வப்போது மாற்றினால் போதும். அதற்கான நிரல் இவ்வளவு சின்னதாகவே இருக்கலாம்:

```python
import unicodedata

OPEN = ("னா", "ட்டு", "அப்புறம்", "வந்து", "நம்பர்", "இந்த")
CLOSED = ("வேணும்", "வேணாம்", "போதும்", "போடு",
          "அனுப்பு", "ங்க", "அவ்ளோதான்")

def wait_ms(text):
    t = unicodedata.normalize("NFC", text).rstrip(" .,?!")
    words = t.split()
    if words and words[-1] in ("அண்ணா", "நைனா", "தம்பி"):
        words.pop()
    if not words:
        return 1500
    last = words[-1].removesuffix("ப்பா").removesuffix("பா")
    if last in ("இன்னா", "என்னா"):
        return 500
    if last.endswith(OPEN):
        return 1600
    if last.endswith(CLOSED):
        return 500
    return 1000
```

திரும்பி வரும் எண் மில்லி நொடியில். அந்த அம்மாவின் வாக்கியத்தை இதில் ஓட்டிப் பார்ப்போம். "அண்ணா" என்று கூப்பிட்டு ஒரு கணம் நிற்கிறார். அது விளிச்சொல் என்பதால் கழற்றிவிடுகிறோம், மிச்சம் ஒன்றும் இல்லை, 1500 காத்திருக்கும். "கிடைக்கும்னா" என்று சொல்லி 1,200 மில்லி நொடி யோசிக்கிறார். வீட்டில் காலி கேன் எத்தனை என்று எட்டிப் பார்க்கிறாராக இருக்கும். பழைய 700 கணக்கு இங்கேதான் குறுக்கே பாய்ந்தது. இப்போது "னா" என்ற வாலைப் பார்த்து 1600 காத்திருப்பதால் பாட் வாயைத் திறக்காது. "ரெண்டு கேன்" என்று சொல்லி 800 நிற்கிறார். வால் எதுவும் சொல்லவில்லை, எனவே பொது அளவான 1000. தப்பித்தது. "நாளைக்குதான்னா", மறுபடி 1600. "ஒன்னு போதும்", 500. அரை நொடியில் பாட் பதில் சொல்லத் தொடங்கலாம். முதலில் வைத்திருந்த 700ஐ விட இது வேகம். ஆக, வெட்டுவதும் குறைகிறது, பதிலும் முன்னைவிடச் சீக்கிரம் வருகிறது.

நிரலில் "இன்னா", "நைனா" என்று தனியாக எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது அலங்காரத்துக்கு இல்லை. "னா" என்று முடிந்தால் பேச்சு பாக்கி என்பது விதி. ஆனால் வடசென்னையில் ஒருவர் "ரேட்டு இன்னா?" என்று கேட்டுவிட்டு நிறுத்துவார். "ரெண்டு போடு நைனா" என்பார். இரண்டும் "னா" என்றுதான் முடிகின்றன, இரண்டும் முழு வாக்கியம். விதியை அப்படியே விட்டால், கேள்வி கேட்டவரிடம் பாட் ஒன்றரை நொடி மௌனம் சாதிக்கும். "போடுப்பா", "இன்னாபா" போன்றவற்றில் ஒட்டிக்கொள்ளும் "பா"வையும் இதே காரணத்துக்காகத்தான் வெட்டுகிறோம். வேறு ஊரில் இந்தப் பட்டியல் வேறாக இருக்கும். பட்டியலை யோசித்து எழுதாதீர்கள், பதிவான அழைப்புகளைக் கேட்டு எழுதுங்கள்.

இன்னொரு சின்ன விஷயம். தமிழில் "போ" என்ற எழுத்தைக் கணினி இரண்டு விதமாகச் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் ஒப்பிடும்போது பொருந்தாது. `wait_ms`-இன் முதல் வரியில் இருக்கும் `normalize` இரண்டையும் ஒன்றாக்குகிறது. அதை விட்டுவிட்டால் "போதும்" என்று தெளிவாக எழுதியிருக்கும், ஆனால் நிரலுக்கு அது அகப்படாது. காரணம் தெரியாமல் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

இந்த முறைக்கு எல்லை உண்டு. பேச்சுத் தமிழில் வினைக்குப் பிறகும் ஆள் ஏதாவது சேர்ப்பார்: "ரெண்டு கேன் போடுங்க… இன்னிக்கே." பாட் அரை நொடியில் "சரி, நாளைக்கு…" என்று தொடங்கியிருக்கும், "இன்னிக்கே" அதன் மேல் வந்து விழும். இதை எந்தக் காத்திருப்பு எண்ணாலும் முழுதாகத் தடுக்க முடியாது. நான் பரிந்துரைப்பது வேறு. பாட் பேசத் தொடங்கிய முதல் ஒரு நொடிக்குள் அழைப்பவர் ஏதாவது சொன்னால், அதைப் புதுப் பேச்சாக எடுக்காமல் முந்தைய வாக்கியத்தோடு ஒட்டி, முழுதையும் மறுபடி புரிந்துகொள்ள வேண்டும். "ரெண்டு கேன் போடுங்க இன்னிக்கே" என்று ஒன்றாகப் படித்தால் குழப்பமே இல்லை.

அப்புறம், மௌனமே வராத அழைப்புகள். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் நின்றுகொண்டு ஒருவர் பேசுகிறார், அல்லது துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் பக்கத்தில் உறுமுகின்றன. சத்த அளவை மட்டும் பார்க்கும் கருவி, "பேச்சு இருக்கிறது" என்றே சொல்லிக்கொண்டிருக்கும், பாட் பதிலே சொல்லாது. அதற்கு இரண்டாவது சாட்சி ஒன்று வேண்டும். அரைகுறை எழுத்து ஒன்றரை நொடியாக ஒரு சொல்கூட வளரவில்லை என்றால், சத்தம் எவ்வளவு இருந்தாலும் ஆள் பேசவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். நேர்மாறான ஆபத்தும் இருக்கிறது. விஸ்பர் போன்ற சில எழுத்தாக்க மாடல்கள், பேச்சே இல்லாத ஒலியைக் கொடுத்தாலும் எதையாவது வாக்கியமாக எழுதிவிடும். அதனால் பேச்சு உண்டு என்று கருவி சொன்ன பகுதியை மட்டுமே எழுத்தாக்கத்துக்கு அனுப்புவது நல்லது.

குறுக்கே பேசினால்

இப்போது திசை மாறுகிறது. பாட் பேசிக்கொண்டிருக்கிறது, அழைப்பவர் நடுவில் ஒலி எழுப்புகிறார். பாட் நிறுத்த வேண்டுமா?

எல்லா ஒலிக்கும் நிறுத்தினால் பாட் எதையுமே முடிக்காது. தமிழில் கேட்பவர் சும்மா இருக்க மாட்டார். "ம்", "ஆங்", "சரி", "ஓ" என்று கொட்டிக்கொண்டே இருப்பார். ம் கொட்டாமல் இருந்தால் எதிரில் பேசுபவருக்கே சந்தேகம் வந்துவிடும். இவை "நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன், நீ சொல்லு" என்ற அனுமதி, "நிறுத்து" என்ற கட்டளை இல்லை. ஆனால் இதே "ம்", பாட் ஒரு கேள்வி கேட்டு முடித்த பிறகு வந்தால் அது பதில்: "டி.எச். ரோடு வீட்டுக்கா?" "ம்." ஆகவே சொல்லைப் பார்த்து மட்டும் முடிவெடுக்க முடியாது, அது பாட்டின் பேச்சில் எந்த இடத்தில் விழுந்தது என்றும் பார்க்க வேண்டும். தகவல் சொல்லும் நடுவில் வந்தால் கண்டுகொள்ளாமல் தொடரலாம். கேள்வியின் கடைசிச் சொல்லோடு ஒட்டியோ அதற்குப் பிறகோ வந்தால் பதிலாக எடுக்கலாம்.

"இல்ல", "இரு", "இருங்க", "வேணாம்" போன்ற சொற்கள் வந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும். மற்ற பேச்சு என்றால், இரண்டு சொல் சேரும்வரை பொறுத்து நிறுத்தலாம். அதற்கு ஆகும் சின்னத் தாமதத்துக்கு யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

ஒரு எச்சரிக்கை. "இல்ல" என்றதும் நிறுத்தச் சொன்னேன், மறுப்பாக எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. "அதே வீட்டுக்கா?" என்று கேட்டால் "இல்லண்ணா, அதே வீடுதான், ஆனா மாடிக்கு எடுத்துட்டு வரணும்" என்பார்கள். இந்த "இல்ல" மறுப்பே இல்லை, பேச்சை எடுக்கும் ஒரு பிடி. முதல் சொல்லைப் பார்த்ததும் ஆர்டரை ரத்து செய்கிற பாட்டைக் கட்டிவிடாதீர்கள். நிறுத்து, கேள், வாக்கியம் முடிந்த பிறகு புரிந்துகொள். இந்த மூன்றையும் தனித்தனி வேலையாக நிரலில் வைத்தால்தான் இது சாத்தியம்.

நிறுத்துவதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பாட் தன் குரலை, பேசும் வேகத்தைவிட முன்னதாகவே தயாரித்துத் தொலைபேசிப் பக்கம் அனுப்பி வைத்திருக்கும். மூன்று நான்கு நொடிப் பேச்சு வழியில் வரிசையில் நிற்கலாம். "இனி அனுப்பாதே" என்று சொன்னால் மட்டும் போதாது, வரிசையில் நிற்பதையும் அழிக்க வேண்டும். இல்லாவிட்டால் அழைப்பவர் "இருப்பா, இருப்பா" என்று கத்த, பாட் கவலையே படாமல் பேசிக்கொண்டு போகும்.

அழித்த பிறகு இன்னொன்றும் செய்ய வேண்டும், இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பாட் சொல்ல நினைத்தது: "ரெண்டு கேன் குறிச்சுக்கிட்டேன், இன்னிக்கு வண்டி கிளம்பிடுச்சு, நாளைக்குக் காலையில வரும்." அழைப்பவர் "குறிச்சுக்கிட்டேன்" என்ற இடத்திலேயே "சரிண்ணா, சீக்கிரம் அனுப்புங்க" என்று குறுக்கிட்டார். நாளைக்குத்தான் வரும் என்பது அவர் காதில் விழவே இல்லை. ஆனால் பாட்டின் நினைவில் முழு வாக்கியமும் 'சொல்லியாயிற்று' என்று பதிவாகியிருந்தால், அவர் சொன்ன "சரி"யை நாளைக்கு ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ளும். சாயந்திரம் கேன் வரவில்லை என்று சண்டை வரும். இதற்கு மருந்து, உண்மையில் எத்தனை மில்லி நொடி ஒலி காதுக்குப் போனது என்று கணக்கு வைத்து, அதுவரையிலான சொற்களை மட்டும் 'சொன்னதாக' எழுதுவது. அதோடு முக்கியமான செய்தியை வாக்கியத்தின் முன்னால் வைப்பது: "நாளைக்குக் காலையிலதான் வரும், ரெண்டு கேன், சரியா?"

ஸ்பீக்கரில் போட்டுப் பேசுபவர்களிடம் இன்னொரு வேடிக்கை நடக்கும். பாட்டின் குரல் அவர்கள் போனின் ஒலிபெருக்கியிலிருந்து மைக்குக்குள் புகுந்து திரும்பி வரும். பாட் தன் குரலையே கேட்டு, யாரோ குறுக்கிடுகிறார்கள் என்று நினைத்து நின்றுவிடும். இதைக் கண்டுபிடிப்பது சுலபம். பதிவில் 'அழைப்பவர் சொன்னது' என்ற இடத்தில் பாட்டின் சொற்களே எழுதப்பட்டிருக்கும், தானாக நிற்பதும் ஒவ்வொரு முறையும் பேசத் தொடங்கிக் கிட்டத்தட்ட அதே நேரத்தில் நடக்கும். எதிரொலி நீக்கியை இயக்குவது முதல் வேலை. அது முழுதாகப் போகவில்லை என்றால், வந்த எழுத்தைப் பாட் அப்போது பேசிக்கொண்டிருக்கும் வரியோடு ஒப்பிட்டு, ஒத்துப்போனால் தள்ளிவிடலாம்.

அம்பதா, எம்பதா?

இப்போதுதான் எழுத்தாக்கப் பிழைக்கு வருகிறேன். தொலைபேசி ஒலியில் பொதுவாக 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் கடந்து வரும். 'ஸ', 'ஃப' போன்ற ஒலிகளின் அடையாளம் பெரும்பகுதி அதற்கு மேலே இருக்கிறது. அதனால் போனில் "ஃபிஃப்டி", "சிக்ஸ்டி" இரண்டும் ஒன்றையொன்று நெருங்கிவிடும். தமிழில் சொன்னால் தப்பிக்கலாமா என்றால், பேச்சில் ஐம்பது "அம்பது", எண்பது "எம்பது". முதல் உயிரெழுத்து ஒன்றுதான் வித்தியாசம். லாரிச் சத்தத்தில் அதுவும் போய்விடும்.

சென்னை வீடுகளுக்குப் பழைய எண், புதிய எண் என்று இரண்டு வேறு. "பழைய நம்பர் இருபத்தி நாலு, புது நம்பர்… ஒரு நிமிஷம்… அம்பத்தி ஒன்னு." எழுத்தாக்கி இதை "புது நம்பர் எம்பத்தி ஒன்னு" என்று எழுதியது என்று வைத்துக்கொள்வோம். பாட் "எம்பத்தி ஒன்னு, சரியா?" என்று திருப்பிக் கேட்டால் என்ன ஆகும்? போனில் அந்த அம்மாவின் காதிலும் அது "அம்பத்தி ஒன்னு" என்றே விழலாம். "ஆமாண்ணா" என்பார். சரிபார்த்தும் தப்பு தப்பாகவே உறுதியாகிவிடும். சரிபார்ப்பில் ஒலி ஒற்றுமையை உடைக்க வேண்டும். ஒவ்வோர் இலக்கமாகச் சொன்னால் போதும்: "புது நம்பர் எட்டு, ஒன்னு, சரியா?" எட்டையும் அஞ்சையும் யாரும் குழப்ப மாட்டார்கள். "இல்லப்பா, அஞ்சு ஒன்னு" என்று உடனே வந்துவிடும்.

"இருபத்தி நாலு" என்பதையே எழுத்தாக்கி "இருபத்தி நாலு" என்றோ "24" என்றோ "ட்வென்டி ஃபோர்" என்றோ எழுதலாம். சில சமயம் "20 4" என்றும் வரும். இவை எல்லாவற்றையும் ஓர் எண்ணாக மாற்றும் ஒரு சின்ன நிரல் இல்லாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். "24 பை 3" என்பதில் வரும் "பை" ஒரு சாய்கோடு என்பதையும் அதற்குச் சொல்லிவைக்க வேண்டும்.

தெருப் பெயர்களும் இதே பாடுதான். டி.எச். ரோடு, ஜி.ஏ. ரோடு, எம்.சி. ரோடு. மூன்றும் அந்தப் பக்கத்து முக்கியச் சாலைகள், மூன்றும் இரண்டு ஆங்கில எழுத்தும் ஒரு "ரோடு"ம். போனில் கேட்டால் வேகமாகச் சொல்லும் எழுத்துகள் உருண்டுபோகும். பெரும்பாலான எழுத்தாக்கச் சேவைகள், எதிர்பார்க்கும் சொற்களின் பட்டியலை முன்கூட்டியே கொடுக்க அனுமதிக்கும். கடை கேன் போடும் தெருக்களை அதில் கொடுக்கலாம், ஆனால் அளவோடு. பட்டியலுக்கு அதிக எடை கொடுத்தால், இருமலைக்கூட "டி.எச். ரோடு" என்று எழுதும். எழுத்து வந்த பிறகு அதைத் தெருப் பட்டியலோடு ஒப்பிட்டு, கிட்டத்தட்ட சமமாக இரண்டு தெரு பொருந்தினால் அந்த இரண்டை மட்டும் கேட்கலாம்: "கல்மண்டபம் பக்கமா, மின்ட் பக்கமா?" ஊர்க்காரர்கள் வழி சொல்வதும் அப்படித்தான்.

இதைவிட நல்ல வழி, கேட்காமலே இருப்பது. போன் நம்பரை வாயால் சொல்லச் சொல்லும் பாட்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். அழைப்பு வரும்போதே எண் கூடவே வருகிறது. ஏற்கெனவே கேன் வாங்கியவர் என்றால் "போன தடவை போட்ட டி.எச். ரோடு வீட்டுக்கா?" என்ற ஒரு கேள்வியில் முகவரி முடிந்தது. கதவு எண்ணை மட்டும் பாட் வாயால் சொல்ல வேண்டாம். அந்த போனிலிருந்து யார் வேண்டுமானாலும் பேசலாம் அல்லவா?

வேறு வழியில்லாமல் பத்து இலக்க எண் கேட்க வேண்டி வந்தால், அங்கே மேலே சொன்ன காத்திருப்பு விதி எதுவும் செல்லாது. நம் ஆட்கள் ஐந்து இலக்கம் சொல்லி நிறுத்துவார்கள், எதிரில் "ம்" வந்தால்தான் மிச்ச ஐந்தைச் சொல்வார்கள். எனவே எண் வாங்கும்போது, பத்து இலக்கம் சேரும்வரை பேச்சு முடியவில்லை என்று கொள்ள வேண்டும். நடுவில் மௌனம் வந்தால் பாட் "ம், சொல்லுங்க" என்று மட்டும் சொல்ல வேண்டும். "டபுள் ஃபோர்" என்றால் இரண்டு நாலு என்று எண்ணவும் தெரிந்திருக்க வேண்டும்.

எதை அளப்பது?

எழுத்தாக்கத்தின் தரத்தைச் சொற்பிழை விகிதத்தால் அளப்பது வழக்கம். தமிழுக்கு அது கொஞ்சம் ஏமாற்றும். "போட்டுட்டு போங்க" என்று இரண்டு சொல்லாக எழுதியிருக்க வேண்டியதை எழுத்தாக்கி "போட்டுட்டுப்போங்க" என்று ஒட்டி எழுதினால், கணக்குப்படி இரண்டு சொல்லும் பிழை, நூற்றுக்கு நூறு தப்பு. ஆனால் பொருள் அப்படியே இருக்கிறது. மறுபக்கம், பத்துச் சொல்லில் "அம்பத்தி" மட்டும் "எம்பத்தி" ஆனால் பிழை பத்து சதவீதம்தான், கேன் வேறு வீட்டுக்குப் போகும். கேன் எண்ணிக்கை, நாள், வீடு இந்த மூன்றும் சரியாக வந்ததா என்று மட்டும் எண்ணுங்கள்.

பேச்சு ஓட்டத்துக்கு இரண்டு அடையாளங்களைப் பதிவுகளில் தேடினால் போதும். பாட் பேசத் தொடங்கி அரை நொடிக்குள் அழைப்பவரும் பேசுகிறார் என்றால், பெரும்பாலும் பாட் வெட்டியிருக்கிறது. அந்த இடங்களில் கடைசிச் சொல் என்ன என்று பார்த்து நிரலின் முதல் பட்டியலில் சேருங்கள். அழைப்பின் நடுவில் "ஹலோ" வருகிறது என்றால் பாட் தாமதித்திருக்கிறது. அதற்கு முந்தைய சொல்லை இரண்டாவது பட்டியலில் சேர்க்கலாமா என்று பாருங்கள். சேர்க்க ஒன்றும் இல்லை என்றால், தாமதம் காத்திருப்பில் இல்லை, குரல் தயாரிப்பதிலோ இணைய இணைப்பிலோ இருக்கிறது. அழைப்பு பதிவாகிறது என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

சில அழைப்புகளில் இவை எதுவும் உதவாது. அழைப்பவர் போனைக் காதில் வைத்துக்கொண்டே, "டேய், காலி கேன் எத்தினி இருக்கு பாரு" என்று பையனிடம் கேட்பார், பாட் அதற்கும் பதில் சொல்லும். அல்லது வீட்டு எண் இரண்டாவது முறை கேட்டும் பிடிபடாது. மூன்றாவது முறை கேட்க வேண்டாம். "கடைக்காரர் கூப்பிடுவார்" என்று சொல்லி, அதுவரை புரிந்ததையும் அழைத்த எண்ணையும் அவர் போனுக்கு ஒரு குறுஞ்செய்தியாக அனுப்பிவிட்டு வைத்துவிடட்டும். கேன் ஏற்றி முடித்ததும் அவர் பேசிக்கொள்வார்.